மணிக்கட்டு கூடிவிட்டது, விழும் பயம் போகவில்லை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அம்மாவுக்கு உடைந்தது கை. மாவுக்கட்டும் பிரித்தாயிற்று. காலில் ஒரு சிராய்ப்புகூட இல்லை. பிறகு ஏன் சுவரைப் பிடித்துக்கொண்டே நடக்கிறார்?

கட்டு இருந்த ஐந்தாறு வாரமும் அவர் எப்படி இருந்தார் என்று பாருங்கள். சமையல் வேண்டாம், துணி துவைக்க வேண்டாம், மாடிக்குப் போக வேண்டாம் என்று எல்லாரும் சேர்ந்து உட்கார வைத்திருப்பீர்கள். எழுபது வயதில் இத்தனை நாள் உட்கார்ந்திருந்தால் தொடைத் தசையும் இடுப்புத் தசையும் வேகமாக இளைத்துவிடும். அதனால் அவர் நடை தளர்ந்திருப்பது முழுக்க மனப்பிரமை இல்லை. கால் உண்மையிலேயே முன்பைவிடப் பலவீனமாகத்தான் இருக்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. தடுமாறினால் கையை ஊன்றித் தப்பித்துக்கொள்ளலாம் என்ற தைரியத்தில்தான் நாம் எல்லாருமே நடமாடுகிறோம். அவருக்கு அப்படி ஊன்றிய கைதான் முறிந்தது. அடுத்த முறை எதை ஊன்றுவது என்று உடம்புக்குத் தெரியவில்லை.

ஒன்றைக் கவனியுங்கள். கட்டு பிரித்த பிறகும் பலர் அந்தக் கையை மடக்கி, நெஞ்சோடு ஒட்டியே வைத்துக்கொண்டு நடப்பார்கள். ஸ்லிங் போய்விட்டாலும் அந்தப் பழக்கம் போவதில்லை. கை வீசி நடந்தால்தான் உடம்பு நேராக நிற்கும். கையைத் தொங்கவிட்டு வீசி நடக்கச் சொல்வதுதான் நான் முதலில் செய்வது. அதற்குச் செலவும் இல்லை, வலியும் இல்லை.

பயந்து கவனமாக இருப்பது நல்லதுதானே? மறுபடி விழாமல் இருப்பாரே?

ஈரத்தரையில் கவனமாகக் கால் வைப்பது நல்லது. ஈரத்தரை இருக்கிறது என்று குளிக்கவே மற்றவரை எதிர்பார்ப்பது நல்லதில்லை. முதலாவதில் செயல் தொடர்கிறது, இரண்டாவதில் செயல் நின்றுபோகிறது. நின்றுபோன ஒவ்வொரு செயலோடும் கொஞ்சம் கால் பலம் போகும். பலம் போனால் தடுமாற்றம் கூடும், தடுமாற்றம் பயத்தைக் கூட்டும்.

பயம் நடையையே மாற்றிவிடும். அடி சின்னதாகும், முழங்கால் விறைக்கும், கண் பாதத்தைவிட்டு நகராது. பாதத்தையே பார்த்து நடப்பவருக்கு எதிரே வரும் சைக்கிளோ மாடோ கடைசி நொடியில்தான் தெரியும், அவசரமாகத் திரும்பும்போது தடுமாறுவார்.

உங்கள் வீட்டில் எந்த அளவுக்குப் போயிருக்கிறது என்று தெரிந்துகொள்ள, “பயமா இருக்கா?” என்று கேட்காதீர்கள். “அதெல்லாம் ஒன்றுமில்லை” என்பார்கள். முன்பு செய்து இப்போது விட்டுவிட்ட வேலைகள் என்னென்ன என்று கேளுங்கள். மாடிக்குப் போவது, கோயில் பிரகாரம் சுற்றுவது, பஸ் ஏறுவது, கோலம் போடுவது என்று பட்டியல் வரும். எழுதி வைத்துக்கொள்ளுங்கள், கீழே அது தேவைப்படும்.

தினமும் அரை மணி நேரம் நடக்கச் சொன்னால் போதாதா?

போதாது. கொஞ்சம் எச்சரிக்கையும் வேண்டும். 1997-ல் பிரிட்டனில் ஓர் ஆய்வு வெளியானது. கை எலும்பு முறிந்து அதிக காலம் ஆகாத, மாதவிடாய் நின்ற பெண்களை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவை வேகமாக நடக்கச் சொன்னார்கள். நடந்த குழுவில்தான் விழுந்தவர்கள் அதிகம். யோசித்தால் இதில் ஆச்சரியமில்லை. சமநிலை சரியாக இல்லாதவரைத் தெருவில் வேகமாக நடக்கவிட்டால் விழுவதற்கான வாய்ப்புதான் கூடும்.

விழுவதைக் குறைப்பது, நின்ற நிலையில் சமநிலையைச் சோதிக்கும் பயிற்சியும் கால் பலப் பயிற்சியும். 2019-ல் வந்த காக்ரேன் தொகுப்பு பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. இத்தகைய பயிற்சிகள், வீட்டில் வசிக்கும் முதியவர்கள் விழும் எண்ணிக்கையை ஏறக்குறைய கால் பங்கு குறைத்திருந்தன. நியூசிலாந்தில் உருவான ஒட்டாகோ பயிற்சி முறையும் இதே வழிதான்: காலில் எடை கட்டிப் பலப் பயிற்சி, அதோடு சமநிலைப் பயிற்சி, வாரத்துக்கு மூன்று நாள், ஒரு தடவைக்கு அரை மணி. நடையும் அதில் உண்டு, ஆனால் துணைக்குத்தான். கீழே சொல்லும் பயிற்சிகள் பெரும்பாலும் அந்த முறையை ஒட்டியவை.

எந்த அளவில் தொடங்குவது? அவர் நிலையை வீட்டிலேயே பார்க்க முடியுமா?

இரண்டு சோதனைகள் போதும். பக்கத்தில் ஒருவர் கட்டாயம் நிற்க வேண்டும்.

முதலாவது நாற்காலி. கைப்பிடி இல்லாத, சாதாரண உயரமுள்ள மரநாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், அது பின்னால் நழுவும். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு (மணிக்கட்டில் வலி இருந்தால் அந்தக் கையை மடியோரம் தொங்கவிட்டு) முப்பது நொடியில் எத்தனை முறை முழுசாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். 70 முதல் 79 வயதுப் பெண்ணுக்குப் பத்துக்குக் குறைந்தால் கால் பலம் போதவில்லை என்று கொள்ளலாம். அதே வயது ஆண்கள் என்றால் பதினொன்று, பன்னிரண்டாவது வர வேண்டும். கையை ஊன்றாமல் ஒருமுறைகூட எழ முடியாவிட்டால் கணக்கு பூஜ்யம். அதற்காக வருத்தப்பட வேண்டாம், தொடங்கும் இடம் தெரிந்துவிட்டது.

இரண்டாவது சமையல் மேடை. மேடையை ஒட்டி நின்று, ஒரு பாதத்தின் குதிகால் மற்றப் பாதத்தின் விரல்நுனியைத் தொடும்படி ஒரே கோட்டில் வைக்கச் சொல்லுங்கள். மேடையிலிருந்து கையை எடுத்துவிட்டுப் பத்து நொடி நிற்க முடிகிறதா? முடியவில்லையென்றால் விழும் வாய்ப்பு அதிகம்.

இரண்டு எண்ணையும் தேதியோடு காலண்டரில் குறித்து வையுங்கள்.

கட்டு இருக்கும்போதே தொடங்கலாமா, பிரித்த பிறகுதானா?

கால் பயிற்சிகளைக் கட்டு இருக்கும்போதே, வலி அடங்கியதும், டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு தொடங்கலாம். கை கட்டியிருப்பதால் சமநிலை கொஞ்சம் பாதிக்கும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. விரல்களையும் தோளையும் முதல் நாளிலிருந்தே அசைக்க வேண்டும். இல்லாவிட்டால் மணிக்கட்டு கூடியபின் தோள் இறுகிக்கொள்ளும்.

கட்டு பிரித்ததும் கையில் முழு எடையை ஊன்றக் கூடாது. பொதுவாக முறிவு ஏற்பட்டு 10 முதல் 12 வாரம் வரை பொறுக்க வேண்டியிருக்கும். பிளேட் வைத்தவர்களுக்குக் கணக்கு வேறு, அறுவை செய்த டாக்டர்தான் சொல்ல வேண்டும். அதுவரை பிடிப்பதற்கு நல்ல கையை வைத்துக்கொள்ளுங்கள், முறிந்த கையின் முழங்கையிலிருந்து நடு முன்கை வரை உள்ள பகுதியை மட்டும் மேடையில் லேசாகச் சாய்க்கலாம்.

என்னென்ன பயிற்சி, எத்தனை தடவை?

இடம் சமையல் மேடை. அது அசையாது, இடுப்பு உயரத்தில் இருக்கிறது, எல்லா வீட்டிலும் உண்டு. தரை காய்ந்திருக்க வேண்டும். வெறுங்கால் அல்லது பின்பக்கம் பட்டை உள்ள செருப்பு, தேய்ந்த ரப்பர் செருப்பு வேண்டவே வேண்டாம். புடவையோ நைட்டியோ கணுக்காலுக்கு மேல் தூக்கிச் செருகப்பட்டிருக்கட்டும். ஒருநாள் விட்டு ஒருநாள் செய்தால் போதும். நடுவில் வரும் ஓய்வுநாளில்தான் தசை தேறும்.

முதல் பயிற்சி உட்கார்ந்து எழுவது. இதை மட்டும்தான் செய்வேன் என்றால்கூடப் பரவாயில்லை, இதை விடாதீர்கள். நாற்காலியின் விளிம்புக்கு நகர்ந்து, பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இழுத்து வைத்து, மூக்கு கால்விரலுக்கு நேராக வரும்வரை முன்னால் குனிந்து, அப்புறம் எழ வேண்டும். பெரும்பாலோர் குனியாமல் நேராக எழப் பார்ப்பார்கள், அதனால்தான் கை ஊன்றத் தோன்றுகிறது. உட்காரும்போது மனசுக்குள் நான்கு வரை எண்ணி மெதுவாக இறங்க வேண்டும். தொப்பென்று விழுந்தால் அந்த முறை கணக்கில்லை. எழவே முடியாதவர் ஜமுக்காளத்தை மடித்துப் போட்டு இருக்கையை நான்கு அங்குலம் உயர்த்திக்கொள்ளட்டும். ஐந்து தடவையில் தொடங்கி, ஒரு நிமிடம் ஓய்வெடுத்து, இன்னொரு ஐந்து. இரண்டு முறை பத்து சுலபமாக வந்ததும் ஜமுக்காளத்தில் ஒரு மடிப்பைக் குறையுங்கள்.

இரண்டாவது, மேடையைப் பிடித்து நின்று குதிகாலைத் தூக்கி இறக்குவது, பத்து தடவை. மூன்றாவது, காலைப் பக்கவாட்டில் தூக்குவது. இதில் உடம்பு மறுபக்கம் சாயக் கூடாது. சாயாமல் ஓரடி தூக்க முடியவில்லையென்றால் அரையடி போதும். இடுப்பின் பக்கத் தசைதான் ஒரு காலில் நிற்கும்போது நம்மைத் தாங்குகிறது. நான்காவது, நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலை நீட்டுவது. இந்த மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் கணுக்காலில் மணல்பை கட்டலாம், மருந்துக்கடையிலோ சர்ஜிக்கல் கடையிலோ கிடைக்கும். அரைக்கிலோவில் தொடங்குங்கள். எட்டு முதல் பத்து தடவையில் கால் களைத்துப்போகும் எடைதான் சரியான எடை. பத்து பத்தாக இரண்டு முறை சிரமமில்லாமல் வந்தால் அரைக்கிலோ கூட்டலாம். மூச்சை அடக்கிக்கொண்டு தூக்கக் கூடாது, வாய்விட்டு எண்ணினால் மூச்சு தானாக வரும்.

அப்புறம் சமநிலை. பாதங்களைச் சேர்த்து வைத்து நிற்பது, ஒரு பாதத்தைப் பாதியளவு முன்னால் வைத்து நிற்பது, குதிகாலும் விரலும் தொட ஒரே கோட்டில் நிற்பது, ஒற்றைக் காலில் நிற்பது என்று நான்கு படி. ஒவ்வொன்றிலும் முதலில் நல்ல கையால் பிடித்து நிற்க வேண்டும், பிறகு இரண்டு விரலால் தொட்டு, கடைசியில் கை மேடைக்கு மேல் ஓரங்குலத்தில் தொடாமல் மிதக்க வேண்டும். பத்து நொடி தடுமாறாமல் நின்றால் அடுத்த நிலைக்குப் போங்கள்.

குடும்பத்தார் தவறவிடுவது இங்கேதான். கணுக்கால் ஆடுவதைப் பார்த்ததும் ஓடிவந்து பிடித்துவிடுவார்கள். அந்த ஆட்டம்தான் பயிற்சி. ஆடாமல் நிற்க முடிகிற நிலையில் எத்தனை நிமிடம் நின்றாலும் சமநிலை வளராது. ஆட்டம் கூடி, அவரே மேடையைத் தொட்டு நிலைப்படுத்திக்கொள்கிறாரா என்று பார்த்துக்கொண்டு ஓரடி தள்ளி நில்லுங்கள்.

நிற்பது பழகியதும் நடையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மேடையோரமாகப் பக்கவாட்டில் பத்தடி போய் வருவது, கோட்டின் மேல் நடப்பதுபோல் குதிகாலை விரலோடு சேர்த்து நடப்பது, கூடத்தில் இரண்டு நாற்காலியைச் சுற்றி எட்டு வடிவில் நடப்பது. திரும்பும்போதுதான் பலர் விழுகிறார்கள் என்பதால் இந்த எட்டு முக்கியம்.

கை ஊன்ற முடியாதே. திரும்ப விழுந்தால் எப்படி எழுந்திருப்பார் என்பதுதான் என் பயம்.

அவருடைய பயத்தில் பெரும்பங்கும் அதுவாகவே இருக்கும். எனவே எழுந்திருக்கத் தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஏற்கனவே தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுப் பழகியவர்களுக்கு இது சீக்கிரம் வரும்.

விழுந்ததும் உடனே எழக் கூடாது. ஒரு நிமிடம் படுத்தபடியே கை, கால், இடுப்பை அசைத்துப் பார்க்க வேண்டும். இடுப்பில் கடுமையான வலி, கால் குட்டையாகவோ வெளிப்பக்கம் திரும்பியோ தெரிவது, தலையில் அடி என்றால் அசையாமல் ஆளைக் கூப்பிட வேண்டும், 108-ஐ அழைக்க வேண்டும். ஒன்றுமில்லையென்றால் நல்ல கை இருக்கும் பக்கமாகப் புரண்டு, அந்த முழங்கையை ஊன்றி, முட்டிபோட்ட நிலைக்கு வர வேண்டும். முறிந்த கையில் உள்ளங்கையை ஊன்றாமல் முன்கையை மட்டும் தரையில் வைக்கலாம். அப்படியே அருகிலுள்ள கட்டிலுக்கோ நாற்காலிக்கோ நகர்ந்து, முன்கைகளை அதன்மேல் வைத்து, பலமான காலின் பாதத்தை முன்னால் ஊன்றி எழுந்து, திரும்பி உட்கார வேண்டும். முட்டி போட முடியாதவர் உட்கார்ந்தபடியே பின்னோக்கி நகர்ந்து, முதலில் ஒரு மணைமேல், பிறகு தாழ்வான ஸ்டூல்மேல், கடைசியில் கட்டில்மேல் என்று ஏறலாம்.

முதல் இரண்டு மூன்று முறை பிசியோதெரபிஸ்ட் முன்னிலையில், பாயில் செய்துபார்ப்பது நல்லது. எலும்பு மிகவும் மெலிந்தவர்கள், முதுகெலும்பு முறிவு உள்ளவர்கள் வீட்டில் தாங்களாக முயலக் கூடாது. செல்போனைக் கழுத்தில் தொங்கவிடும் பையில் வைத்துக்கொள்வதும் எளிய ஏற்பாடுதான்.

பயிற்சி செய்கிறார், கால் பலமும் கூடியிருக்கிறது. ஆனால் வெளியே வரமாட்டேன் என்கிறார். என்ன செய்வது?

கால் பலம் வந்ததும் பயம் தானாகப் போய்விடுவதில்லை. மேலே எழுதி வைக்கச் சொன்ன பட்டியல் இதற்குத்தான். இப்படிப் பலரைப் பார்த்ததை ஒருவராகச் சேர்த்துச் சொல்கிறேன்.

71 வயது அம்மா. கொல்லைப்புறத்தில் துவைகல் பக்கம் பாசியில் வழுக்கி வலது மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டு பிரித்தபோது முப்பது நொடியில் ஆறு தடவைதான் எழுந்தார், ஒரே கோட்டில் நான்கு நொடி நின்றார். விட்டுவிட்டவை: கொல்லைப்புறம், மாடி, தெருக்கோடிப் பிள்ளையார் கோயில், டவுன் பஸ். ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு பயம் என்று பத்துக்கு மதிப்பெண் போடச் சொன்னால், கோயில் 4, மாடி 5, கொல்லை 8, பஸ் 9.

குறைந்த மதிப்பெண்ணில் தொடங்க வேண்டும். முதல் மூன்று வாரம் பயிற்சி மட்டும், வீட்டுக்குள். நான்காவது வாரம் கோயில்: முதல் நாள் மகள் கைகோத்து, அடுத்த நாள் பக்கத்தில் கை விட்டு, பிறகு பத்தடி பின்னால், பிறகு தனியாக. பயம் 4-லிருந்து 2-க்கு வந்தபிறகுதான் மாடி. மாடிக்குப் போகுமுன் மேடையோரம் ஆறு அங்குல மரப்பலகையில் ஏறி இறங்கிப் பழகினார். கொல்லைப்புறத்துக்கு மனதை மட்டும் தயார் செய்தால் போதாது, பாசியையும் சுரண்டியாக வேண்டும். ப்ளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்து, சுவரில் ஒரு பிடிகம்பி பதித்து, காய்ந்த நேரத்தில் முதலில் போனார். பயம் இருந்தது, இருந்தும் போனார், ஒன்றும் ஆகவில்லை. அந்த அனுபவம்தான் பயத்தைக் குறைக்கிறது. பன்னிரண்டாவது வாரத்தில் பதினோரு தடவை எழுந்தார், ஒரே கோட்டில் பத்து நொடி நின்றார். பஸ் மட்டும் பாக்கி. இறங்கும் கடைசிப் படி உயரம் என்பதால் அதற்கு இன்னும் ஒரு மாதம் ஒதுக்கினோம்.

எந்தப் படியிலாவது பயம் ஏறினால் முந்தின படிக்கு ஒரு வாரம் திரும்பலாம். முழுசாக நிறுத்தக் கூடாது.

வெளியே போகும்போதெல்லாம் நான் கையைப் பிடித்துக்கொள்கிறேன். சரிதானே?

பிடிப்பதாக இருந்தால் அவர் உங்கள் முழங்கையைப் பிடிக்கட்டும், நீங்கள் அவர் கையைப் பிடிக்காதீர்கள். தடுமாறும்போது முறிந்த மணிக்கட்டை நீங்கள் வெடுக்கென்று இழுத்துவிடுவீர்கள். மேலே சொன்னபடி சிறிது சிறிதாக விடுவதும் நடக்க வேண்டும்.

கை கூடிவிட்டதே, இனி டாக்டரிடம் போக என்ன இருக்கிறது?

நின்ற உயரத்திலிருந்து விழுந்து மணிக்கட்டு முறிந்தால் அது எலும்பு மெலிவின் முதல் அறிகுறியாக இருக்கலாம். இப்படி முறிந்தவர்களுக்குப் பின்னால் இடுப்பெலும்பும் முதுகெலும்பும் முறியும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். எனவே எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுக்க வேண்டுமா, வைட்டமின் டி பார்க்க வேண்டுமா, எலும்புக்கு மருந்து தேவையா என்று கேளுங்கள். கட்டு பிரித்த அன்றே இதைக் கேட்காமல் வீட்டுக்கு வந்துவிடுபவர்கள்தான் அதிகம்.

அவர் ஏன் விழுந்தார் என்பதையும் பார்க்க வேண்டும். படுத்தவர் எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் ரத்த அழுத்தம் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால், விழுந்ததற்குப் பாசி மட்டும் காரணமில்லை. அப்படிப்பட்டவர் எவ்வளவு பயிற்சி செய்தாலும் காலையில் கட்டிலைவிட்டு இறங்கும்போது தள்ளாடுவார். தூக்க மாத்திரை, பிரஷர் மாத்திரை உட்பட சாப்பிடும் எல்லா மாத்திரையையும் பையில் எடுத்துக்கொண்டு போங்கள். கண்புரை, சர்க்கரையால் பாதம் மரத்துப்போவது இரண்டையும் சொல்லுங்கள்.

பயிற்சியை எப்போது நிறுத்த வேண்டும்?

நெஞ்சுவலி, மயக்கம், தலைசுற்றல், பேச்சுக் குழறல், ஒருபக்கம் பலவீனம் என்றால் அந்த நிமிடமே நிறுத்திவிட்டு மருத்துவ உதவிக்குப் போக வேண்டும். திடீர் முதுகுவலி வந்தால் முதுகெலும்பு முறிவா என்று பார்க்க வேண்டும். முறிந்த கை வீங்கி, பளபளத்து, நிறம் மாறி, லேசாகத் தொட்டாலே தாங்க முடியாத வலி வந்தால் எலும்பு டாக்டரை உடனே பாருங்கள், வாரக்கணக்கில் தள்ளினால் கை இறுகிவிடும். மறுநாள் தொடை வலிப்பது மட்டும் நிறுத்தக் காரணமில்லை. இரண்டு நாளில் தீராவிட்டால் எடையைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

எத்தனை நாள் செய்ய வேண்டும்?

நாற்காலி எண்ணிக்கையில் மாற்றம் ஆறு முதல் எட்டு வாரத்தில் தெரியும். நிறுத்திவிட்டால் சில மாதங்களில் பழைய நிலைக்குப் போய்விடும் என்பதால் முடிவுத்தேதி என்று ஒன்று இல்லை. தனி நேரம் ஒதுக்க முடியாதவர்கள் பால் காயும்வரை ஒற்றைக் காலில் நிற்கலாம், டிவியில் விளம்பரம் வரும்போதெல்லாம் பத்து தடவை எழுந்து உட்காரலாம். மாதம் ஒருமுறை காலண்டரில் அந்த இரண்டு எண்ணையும் குறித்துக்கொண்டே வாருங்கள். எண் இறங்கினால் என்ன நின்றுபோனது என்று தேடலாம்.